பாரா ஜம்பிள்: முதல் வாக்கியத்தைக் கண்டுபிடிக்கும் முழு வழிமுறை

குலைத்துப்போட்ட வாக்கியங்களை வரிசைப்படுத்தும் கேள்வியில் பெரும்பாலானவர்கள் தடுமாறுவது முதல் வாக்கியத்தில்தான். அது சரியாக விழுந்துவிட்டால் மீதி வாக்கியங்கள் ஓரளவு தாமாகவே வந்து சேர்ந்துகொள்ளும். தவறாக விழுந்தால், அதற்குப் பின்னால் எவ்வளவு கவனமாக யோசித்தாலும் விடை தவறுதான்.

கணக்காகவே பார்க்கலாம். நான்கு வாக்கியங்களை 24 விதமாக அடுக்க முடியும். முதல் வாக்கியம் தெரிந்துவிட்டால் மிஞ்சுவது 6 வரிசைகள். ஐந்து வாக்கியம் என்றால் 120 வரிசைகள் 24 ஆகக் குறையும். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு வேலையைப் பற்றியது: எந்த வாக்கியம் முதலில் வரும், அதை எப்படி உறுதிசெய்வது.

தேர்வில் இந்தக் கேள்விகள் ஆங்கிலத்தில் இருக்கும். நான் உதாரணங்களைத் தமிழில் தருகிறேன். வாரக் கடைசி வகுப்புகளில் நான் கவனித்தது இது: ஆங்கில வாக்கியத்தைக் கண்டதும் மாணவர்களின் கவனம் தெரியாத வார்த்தைகள் மேல் போய்விடுகிறது. வாக்கியங்களை இணைக்கும் நூல் கண்ணில் படுவதில்லை. முதலில் தமிழில் அந்த நூலைப் பிடித்துப் பழகினால், பிறகு ஆங்கிலத்தில் பிடிப்பது எளிது. ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய நுணுக்கங்களை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## 1. தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

முதலில், உங்கள் தேர்வில் கேள்வி எந்த வடிவத்தில் வருகிறது என்று பழைய வினாத்தாளில் பாருங்கள். எஸ்எஸ்சி தேர்வுகளில் பெரும்பாலும் நான்கு வாக்கியங்களும், நான்கு வரிசைகள் கொண்ட ஆப்ஷன்களும் இருக்கும். வங்கித் தேர்வுகளில் ஐந்து அல்லது ஆறு வாக்கியங்களைக் கொடுத்து, "முதல் வாக்கியம் எது, மூன்றாவது எது" என்று தனித்தனிக் கேள்விகளாகக் கேட்பது வழக்கம். எம்பிஏ சேர்க்கைக்கான கேட் தேர்வில் ஆப்ஷனே இல்லாமல், வரிசையை எண்களாகத் தட்டச்சு செய்யச் சொல்லும் வகை இருக்கிறது. அந்த வகையில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை.

இதைத் தெரிந்துகொள்வதற்குக் காரணம் உண்டு. ஆப்ஷன் இருந்தால் முதல் வாக்கியத்தில் 80 சதவீத நம்பிக்கை வந்தாலே போதும், மீதியை ஆப்ஷன் சரிபார்த்துக்கொடுக்கும். ஆப்ஷன் இல்லாவிட்டால் ஒவ்வொரு இணைப்பையும் நீங்களே உறுதிசெய்ய வேண்டும்.

அடுத்து, கையில் ஒரு வெள்ளைத்தாள். தேர்வு கணினித் திரையில் நடப்பதால் வாக்கியத்தின் மேல் கோடு போட முடியாது. எனவே வாக்கியத்தின் எழுத்தை மட்டும் தாளில் எழுதி, அதற்கு முன்னால் எது தேவைப்படுகிறது என்பதைப் பக்கத்தில் குறிக்க வேண்டும். வாக்கியம் அ-வில் "அவர்" என்ற சொல் வந்து, யார் என்று அந்த வாக்கியத்திலேயே தெரியவில்லை என்றால், "அ – அவர்?" என்று எழுதுங்கள். கேள்விக்குறி போட்ட வாக்கியம் முதலில் வராது. இவ்வளவுதான் குறியீடு.

## 2. ஆப்ஷனைப் பார்க்காமல் எல்லா வாக்கியங்களையும் ஒருமுறை படியுங்கள்

ஆப்ஷனை முதலில் பார்த்தால் மனம் அதற்குச் சாதகமான காரணங்களைத் தேடத் தொடங்கிவிடும். மூன்று ஆப்ஷன்கள் ஒரே வாக்கியத்தில் தொடங்கினால், அதுதான் முதல் வாக்கியம் என்று முடிவுகட்டிவிடுவோம். கேள்வி தயாரிப்பவருக்கும் இது தெரியும்.

இந்த முதல் வாசிப்பில் வரிசை எதையும் யோசிக்க வேண்டாம். இந்தப் பத்தி யாரைப் பற்றியது, எதைப் பற்றியது என்று மட்டும் மூன்று நான்கு சொற்களில் மனத்தில் சொல்லிக்கொள்ளுங்கள். "ஒரு மருந்து எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது", "ஒரு பாலம் இடிந்து திரும்ப எழுந்தது" என்கிற அளவுக்குப் போதும்.

ஆங்கிலத்தில் படிக்கும்போது மனத்துக்குள் தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டே போகாதீர்கள். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஆங்கிலத்தில் "ஹி", "ஷீ" இரண்டுமே தமிழில் "அவர்" ஆகிவிடும். ஆணா பெண்ணா என்ற துப்பு அங்கேயே தொலைந்துபோகிறது. "ஏ" என்பதும் "தி" என்பதும் பல இடங்களில் தமிழில் காணாமலே போய்விடும். முதல் வாக்கியத்தைக் கண்டுபிடிக்க மிக உதவும் இரண்டு துப்புகளை நாமே அழித்துக்கொள்வதற்குச் சமம் அது.

## 3. முதல் சல்லடை: ப்ரோனவுன்

இரண்டாவது முறை படிக்கும்போது ப்ரோனவுன்களை மட்டும் தேடுங்கள். இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம், இந்தத் துப்பில் கருத்துவேறுபாட்டுக்கு இடம் குறைவு. "அவர்" என்று இருந்தால் யாரோ ஒருவர் ஏற்கெனவே அறிமுகமாகியிருக்க வேண்டும். கனெக்டருக்கும் காலத்துக்கும் விதிவிலக்குகள் அதிகம்.

இந்த நான்கு வாக்கியங்களைப் பாருங்கள்.

அ. அந்தப் பூஞ்சையைச் சுற்றியிருந்த இடத்தில் மட்டும் பாக்டீரியாக்கள் வளரவில்லை.
ஆ. 1928 செப்டம்பரில் விடுமுறை முடிந்து லண்டன் ஆய்வகத்துக்குத் திரும்பிய அலெக்சாண்டர் ஃபிளெமிங், பாக்டீரியா வளர்த்து வைத்திருந்த கண்ணாடித் தட்டுகளை எடுத்துப் பார்த்தார்.
இ. பூஞ்சை வெளிவிடும் ஏதோ ஒரு பொருள்தான் இதற்குக் காரணம் என்று உணர்ந்த அவர், 1929-இல் அதற்குப் பெனிசிலின் என்று பெயர் வைத்தார்.
ஈ. அவற்றில் ஒன்றில் ஒரு பூஞ்சை வளர்ந்திருந்தது.

தாளில் எழுதுவோம். அ – அந்தப் பூஞ்சை, எந்தப் பூஞ்சை? ஆ – எதுவும் இல்லை. இ – இதற்கு, எதற்கு? அவர், யார்? ஈ – அவற்றில், எவற்றில்? கேள்விக்குறி இல்லாதது ஆ மட்டும். முதல் வாக்கியம் அதுதான்.

அதோடு நிறுத்திவிடாதீர்கள். அதே கேள்விக்குறிகள் மீதி வரிசையையும் சொல்லிவிடுகின்றன. "அவற்றில்" என்பது பன்மை. பன்மையாக இருக்கும் பொருள் கண்ணாடித் தட்டுகள், எனவே ஆ-வுக்குப் பின் ஈ. ஈ-யில் "ஒரு பூஞ்சை", அ-வில் "அந்தப் பூஞ்சை". எனவே ஈ-க்குப் பின் அ. கடைசியில் இ. ஆக ஆ, ஈ, அ, இ.

ஆங்கிலத்தில் இந்த "ஒரு", "அந்த" வேறுபாடு "ஏ", "தி" என்று வரும். ஒரு பொருள் முதன்முறை வரும்போது "ஏ", திரும்ப வரும்போது "தி". "திஸ்", "தீஸ்", "சச்" ஆகியவற்றுக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல் இருந்தால் அது இன்னும் வலுவான துப்பு. "திஸ் டிஸ்கவரி" என்று ஒரு வாக்கியம் தொடங்கினால், ஒரு கண்டுபிடிப்பைச் சொல்லும் வாக்கியம் அதற்கு நேர் முன்னால் இருக்க வேண்டும். ஆனால் "தி" இருப்பதாலேயே ஒரு வாக்கியத்தை அடித்துவிடாதீர்கள். சூரியன், அரசாங்கம், உலகப் பொருளாதாரம் போல எல்லோரும் அறிந்தவற்றுக்கு முதல் வாக்கியத்திலேயே "தி" வரும்.

பெயர்களும் ப்ரோனவுன் போலவே நடந்துகொள்கின்றன. முழுப்பெயர் முதலில், கடைசிப் பெயர் மட்டும் அடுத்து, "அவர்" அதற்கும் அடுத்து. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் என்று விரித்துச் சொல்லும் வாக்கியம், இஸ்ரோ என்று சுருக்கிச் சொல்லும் வாக்கியத்துக்கு முன்னால் வருவதுதான் வழக்கம்.

இப்போது புதியவர்கள் சறுக்கும் மூன்று இடங்கள்.

முதலாவது, எதையும் சுட்டாத "இட்". "இட் இஸ் பிலீவ்ட்" என்றோ "இட் இஸ் டிஃபிகல்ட்" என்றோ தொடங்கும் வாக்கியத்தில் "இட்" எந்தப் பொருளையும் குறிக்கவில்லை, இலக்கணத்துக்காக நிற்கிறது. "நம்பப்படுகிறது", "கடினம்" என்பதுதான் அங்கே செய்தி. அப்படிப்பட்ட வாக்கியம் தாராளமாக முதலில் வரலாம். சோதிக்க ஒரு வழி: "எது?" என்று கேளுங்கள். அதே வாக்கியத்தின் பின்பாதியில் "தட்" அல்லது "டு" தொடங்கிப் பதில் கிடைத்தால், வாக்கியம் தன் காலில் நிற்கிறது.

இரண்டாவது, சுட்டும் ஆள் அதே வாக்கியத்தில் பின்னால் வருவது. "வென் ஹி ரிட்டர்ன்ட்" என்று தொடங்கி, காற்புள்ளிக்குப் பிறகு ஃபிளெமிங் பெயர் வந்தால், "ஹி" யார் என்ற கேள்விக்கு வாக்கியமே பதில் சொல்லிவிட்டது. ஆகவே ப்ரோனவுனைக் கண்டதும் கேள்விக்குறி போடாதீர்கள். வாக்கியத்தை முற்றுப்புள்ளி வரை படித்த பிறகு போடுங்கள்.

மூன்றாவது, "வி", "யூ", "ஐ". எழுதுபவரும் படிப்பவரும் அறிமுகம் இல்லாமலே அங்கே இருப்பவர்கள். இவற்றுக்குக் கேள்விக்குறி வேண்டாம்.

## 4. இரண்டாவது சல்லடை: கனெக்டர்

ப்ரோனவுன் சல்லடையில் தப்பிய வாக்கியங்களை மட்டும் இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அடிபட்டதைத் திரும்பச் சோதிப்பது நேர விரயம்.

கனெக்டர் என்றதும் எல்லோரும் ஒரு பட்டியலை மனப்பாடம் செய்கிறார்கள். பட்டியலைவிட ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்வது முக்கியம். சில கனெக்டர்கள் இரண்டு தனி வாக்கியங்களை இணைக்கின்றன. சில, ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு பாதிகளை இணைக்கின்றன.

"ஹவ்எவர்", "தேர்ஃபோர்", "மோர்ஓவர்", "ஃபார் எக்ஸாம்பிள்" முதல் வகை. தமிழில் "ஆனால்", "எனவே", "மேலும்", "உதாரணமாக". இவற்றுக்கு முன்னால் இன்னொரு வாக்கியம் இருந்தே ஆகவேண்டும். இவை உள்ள வாக்கியத்தை அடித்துவிடலாம்.

"ஆல்தோ", "வைல்", "பிகாஸ்", "இஃப்" இரண்டாம் வகை. "மழை பெய்தாலும் போட்டி நடந்தது" என்பதில் "ஆலும்" செய்யும் வேலை அந்த வாக்கியத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் "ஆல்தோ" என்று தொடங்கும் வாக்கியம் முதல் வாக்கியமாக வருவது சாதாரணம். வகுப்பில் நான் பார்க்கும் தவறுகளில் இது முதலிடத்தில் இருக்கிறது. "ஆல்தோ", "ஹவ்எவர்" இரண்டுக்கும் தமிழில் "இருந்தாலும்" என்று பொருள் எழுதிப் படித்தவர்கள், இரண்டையும் ஒரே மாதிரி அடித்துவிடுகிறார்கள்.

"ஹவ்எவர்" சொல்லிலும் ஒரு வழுக்கல் உண்டு. அதற்குப் பின் காற்புள்ளி இருந்தால் "ஆனால்" என்று பொருள். காற்புள்ளி இல்லாமல் "ஹவ்எவர் ஹார்ட்" என்று வந்தால் "எவ்வளவு முயன்றாலும்" என்று பொருள். இரண்டாவது வகை முதல் வாக்கியமாகலாம்.

அப்புறம், கனெக்டர் எப்போதும் வாக்கியத்தின் தொடக்கத்தில் நிற்காது. "ஹவ்எவர்" நடுவில் இரண்டு காற்புள்ளிகளுக்கு இடையே ஒளிந்திருக்கும். "ஆல்சோ", "டூ", "அனதர்", "ஈவன்", "ஸ்டில்" போன்ற சின்னச் சொற்கள் வினைச்சொல்லின் பக்கத்தில் சத்தமில்லாமல் இருக்கும். தமிழில் ஒரு "உம்" விகுதியைப் போல. "கேரள அரசும் இதே முடிவை எடுத்தது" என்றால் வேறு ஓர் அரசு முன்பே முடிவெடுத்திருக்கிறது. அந்த "உம்"மைக் கவனிக்காதவர் இதை முதல் வாக்கியமாக வைத்துவிடுவார்.

இன்னொரு வகைத் துப்பு இருக்கிறது. இதை யாரும் பட்டியல்களில் சேர்ப்பதில்லை, ஆனால் கடினமான கேள்விகளில் அதுதான் கைகொடுக்கிறது. சில வினைச்சொற்களே முன்கதை கேட்கும். "சீரமைத்தார்கள்" என்றால் முன்பே ஏதோ சேதமாகியிருக்க வேண்டும். "மீண்டது" என்றால் வீழ்ச்சி நடந்திருக்க வேண்டும். "மறுத்தார்" என்றால் ஒரு குற்றச்சாட்டோ கோரிக்கையோ இருந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் "ரிப்பேர்", "ரிஸ்டோர்", "ரிப்ளை", "டினை" போன்ற சொற்கள். இவற்றைக் கண்டால் முழு அடி போடாமல், ஒரு சின்னப் புள்ளி வையுங்கள். சந்தேகத்துக்குரியது என்ற அடையாளம்.

## 5. மூன்றாவது சல்லடை: கால வரிசை

காலத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அதை முதலில் பார்த்தால் ஏமாறுவோம். எந்த வாக்கியத்தில் மிகப் பழைய ஆண்டு இருக்கிறதோ அதுதான் முதலில் என்று தோன்றும். நிகழ்ச்சிகள் நடந்த வரிசை வேறு, எழுத்தாளர் சொல்லும் வரிசை வேறு.

இரண்டு வாக்கியங்கள்:

"நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இதே முயற்சி தோல்வியில் முடிந்திருந்தது."
"2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 விண்கலத்தின் விக்ரம் லேண்டர் நிலவின் தென்துருவப் பகுதியில் தரையிறங்கியது."

முன்பு நடந்தது தோல்வி. ஆனால் "நான்கு ஆண்டுகளுக்கு முன்பு" என்பதற்கு ஒரு புள்ளி வேண்டும், எதிலிருந்து நான்கு ஆண்டு? அந்தப் புள்ளியை 2023 வாக்கியம்தான் தருகிறது. "இதே முயற்சி" என்பதும் அதையே கேட்கிறது. எனவே பிந்தைய நிகழ்ச்சி முதலில் வருகிறது.

இதிலிருந்து கிடைக்கும் விதி எளிது. காலக் குறிப்புகளில் தானே நிற்பவை உண்டு, சாய்ந்து நிற்பவை உண்டு. "1928 செப்டம்பரில்" தானே நிற்கிறது. "பிறகு", "அடுத்த ஆண்டு", "அதே சமயத்தில்", "அரை நூற்றாண்டு கழித்து" எல்லாம் இன்னொரு காலத்தின் மேல் சாய்ந்து நிற்கின்றன. சாய்ந்து நிற்பது முதலில் வராது. தானே நிற்பது முதலில் வரலாம், வந்தே ஆகவேண்டும் என்றில்லை.

ஆங்கிலத்தில் "ஹேட்" உடன் வரும் வினை, அதாவது "ஹேட் ஃபெயில்ட்" போன்றது, இன்னொரு இறந்தகால நிகழ்ச்சிக்கும் முந்தையதைச் சொல்கிறது. தமிழில் "முடிந்திருந்தது" என்று எழுதுவது போல. தனியாக அப்படி ஒரு வினை மட்டும் உள்ள வாக்கியம் பெரும்பாலும் இரண்டாவதாகவோ அதற்குப் பின்னோ வரும். கதை நடையில் எழுதிய பத்திகளில் மட்டும் இது எப்போதாவது தவறும்.

## 6. இரண்டு வாக்கியங்கள் மிஞ்சினால்

மூன்று சல்லடைக்குப் பிறகும் இரண்டு வாக்கியங்கள் நிற்பது அடிக்கடி நடக்கும். இங்கேதான் எல்லோரும் சொல்லும் ஒரு அறிவுரை குறுக்கே வரும்: "பொதுவான வாக்கியம் முதலில் வரும்." ஒரு மாணவி ஒவ்வொரு முறையும் கேட்பார், "அக்கா, இது ஜெனரலா இருக்கே, இதுதானே ஃபர்ஸ்ட்?"

பாதி நேரம் சரியாக இருக்கும். மீதி நேரம் அந்தப் பொதுவான வாக்கியம் பத்தியின் முடிவுரையாக இருக்கும். "பெரிய கண்டுபிடிப்புகள் பல தற்செயலாகவே நடந்திருக்கின்றன" என்ற வாக்கியத்தை மேலே உள்ள ஃபிளெமிங் பத்தியில் சேர்த்தால், அது தொடக்கத்திலும் பொருந்தும், முடிவிலும் பொருந்தும். பொதுவானதா என்ற கேள்வி இங்கே எதையும் தீர்க்காது. வேறு ஏதாவது வாக்கியம் அதைக் கையால் தொடுகிறதா என்று பாருங்கள். "பெனிசிலின் அதற்கு நல்ல உதாரணம்" என்று ஒரு வாக்கியம் இருந்தால், பொதுவான வாக்கியம் முன்னால். "இதுபோல" என்று பொதுவான வாக்கியமே தொடங்கினால் அது பின்னால். இரண்டும் இல்லையென்றால் ஆப்ஷனைத்தான் கேட்க வேண்டும்.

பெரும்பாலான சமயங்களில் எனக்கு உதவுவது வேறு ஒரு கேள்வி: எந்த வாக்கியம் பொருளை அறிமுகப்படுத்துகிறது, எது ஏற்கெனவே அறிமுகமானதைப் பயன்படுத்துகிறது?

"பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நீலக்குறிஞ்சி பூக்கிறது."
"மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்வெளிகளில் நீலக்குறிஞ்சி என்ற செடி வளர்கிறது."

இரண்டிலும் ப்ரோனவுன் இல்லை, கனெக்டர் இல்லை. இரண்டும் நிகழ்காலம். ஆனால் இரண்டாவதில் "என்ற செடி" இருக்கிறது. தெரியாதவருக்குச் சொல்லும் தொனி அது. முதலாவது வாக்கியம் நீலக்குறிஞ்சி என்றால் என்ன என்று தெரிந்தவரிடம் பேசுகிறது. எனவே "என்ற செடி" வாக்கியம் முன்னால். ஆங்கிலத்தில் "கால்ட்", "நோன் ஆஸ்" போன்ற சொற்களும், பெயருக்குப் பின் இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவே வரும் சின்ன விளக்கமும் அறிமுகத்தின் அடையாளங்கள்.

## 7. முழுக் கேள்வி ஒன்று, தொடக்கத்திலிருந்து முடிவு வரை

அ. ஆறு மாதம் பிடிக்கும் என்று எதிர்பார்த்த அந்த வேலையை அவர் 46 நாட்களில் முடித்தார்.
ஆ. 1914-இல் அது திறக்கப்படும் வரை, இராமேசுவரம் போக நினைத்தவர்கள் படகைத்தான் நம்பியிருந்தார்கள்.
இ. இராமேசுவரம் தீவை நிலப்பரப்போடு இணைத்த முதல் பாலம் பாம்பன் ரயில் பாலம்.
ஈ. பாலத்தைச் சீரமைக்கும் பொறுப்பு ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரிடம் வந்தது.
உ. அரை நூற்றாண்டு கழித்து, 1964 டிசம்பரில் அடித்த புயல் அதன் இரும்புத் தூலங்களில் பெரும்பாலானவற்றைக் கடலில் தள்ளியது.

முதல் வாசிப்பில் கிடைப்பது: பாம்பன் பாலம், புயலில் சேதம், சீரமைப்பு.

ப்ரோனவுன் சல்லடை. அ-வில் "அந்த வேலை", "அவர்", இரண்டுக்கும் வாக்கியத்துக்குள் பதில் இல்லை, அடி. ஆ-வில் "அது", எது திறக்கப்பட்டது என்று தெரியவில்லை, அடி. உ-வில் "அதன்", அடி. இ, ஈ மிஞ்சுகின்றன.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். இந்தக் கேள்வியை வகுப்பில் கொடுத்தபோது, காலத்தை முதலில் பார்த்தவர்கள் ஆ-வைத் தேர்ந்தெடுத்தார்கள். 1914 மிகப் பழைய ஆண்டு, அதற்கும் முந்தைய படகுக் காலம் அதில் இருக்கிறது, கதை அங்கேதானே தொடங்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். நிகழ்ச்சி வரிசைப்படி சரிதான். ஆனால் "அது" என்ற ஒரு சொல் அந்த வாக்கியத்தை முதல் இடத்தில் உட்கார விடாது. ப்ரோனவுனை முதலில் பார்த்தவர்கள் அந்தக் குழியில் விழவில்லை.

கனெக்டர் சல்லடை. இ, ஈ இரண்டிலும் வெளிப்படையாக எதுவும் இல்லை. ஆனால் ஈ-யில் "சீரமைக்கும்" இருக்கிறது. சேதம் சொல்லப்படாமல் சீரமைப்பு வராது. புள்ளி வையுங்கள். அதோடு, அங்கே வெறும் "பாலம்" என்றுதான் இருக்கிறது. எந்தப் பாலம் என்று சொல்லும் வாக்கியம் இ. ஈ-யில் "என்ற" இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், அது பொறியாளரை அறிமுகப்படுத்துகிறது, பாலத்தை அல்ல. ஆக, முதல் வாக்கியம் இ.

இப்போது மற்றவை. ஆ-வின் "அது" பாலம், எனவே இ-க்குப் பின் ஆ. உ-வின் "அரை நூற்றாண்டு கழித்து" சாய்ந்து நிற்கும் காலம். 1964-இல் இருந்து ஐம்பது ஆண்டு பின்னால் போனால் 1914, அது ஆ-வில் இருக்கிறது. எனவே ஆ, உ ஜோடி. உ-வில் சேதம், ஈ-யில் சீரமைப்பு. அ-வின் "அவர்" ஸ்ரீதரன், "அந்த வேலை" சீரமைப்பு. இ, ஆ, உ, ஈ, அ.

கடைசியாக ஒரு சரிபார்ப்பு. தோற்றுப்போன வேட்பாளரான ஈ-யை முதலில் வைத்துப் படித்துப் பாருங்கள். ஈ-க்குப் பின் அ ஒட்டும். அதற்குப் பின் "இராமேசுவரம் தீவை இணைத்த முதல் பாலம்" என்ற அறிமுகம் எங்கே போகும்? பாலம் சீரமைக்கப்பட்டு முடிந்த பிறகு அதை அறிமுகம் செய்வது போல ஆகிவிடும். இப்படி ஒரு வாக்கியம் இடமில்லாமல் அலைந்தால் தொடக்கம் தவறு என்று அர்த்தம். இந்தச் சோதனைக்குப் பத்து விநாடி கூட ஆகாது. ஆப்ஷன் இல்லாத தேர்வில் இதைத் தவறாமல் செய்யுங்கள்.

## 8. ஆப்ஷனை எப்போது திறப்பது

முதல் வாக்கியமும் உறுதியான ஒரு ஜோடியும் கையில் இருக்கும்போது. மேலே உள்ள கேள்வியில் "இ முதலில்", "ஈ-க்குப் பின் அ" இரண்டும் தெரிந்தாலே பெரும்பாலான ஆப்ஷன்கள் விழுந்துவிடும். முழு வரிசையையும் போட்டு முடித்துவிட்டு ஆப்ஷனுக்குப் போவது நேரத்தைத் தின்னும்.

முதல் வாக்கியத்தில் உறுதி வராவிட்டால் ஜோடியை வைத்துத் தொடங்குங்கள். நான்கு வாக்கியக் கேள்வியில் பிரிக்க முடியாத ஒரு ஜோடி கிடைத்தால், அதை ஒரே வாக்கியம் போல எண்ணலாம். 24 வரிசைகள் 6 ஆகிவிடும். முதல் வாக்கியத்தைக் கண்டுபிடித்ததற்குச் சமமான லாபம். அந்த ஜோடி எந்த ஆப்ஷன்களில் அடுத்தடுத்து வருகிறது என்று பார்த்தால், மிஞ்சியவற்றின் முதல் வாக்கியங்களை மட்டும் ஒப்பிட்டால் போதும். ஐந்து வாக்கியங்களில் எதிலும் உங்களுக்கு நூல் கிடைக்கவில்லை, ஒன்றரை நிமிடமும் போய்விட்டது என்றால், அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். மதிப்பெண் கழிக்காத கேட் வகையில் மட்டும், இருப்பதில் சிறந்த வரிசையைத் தட்டிவிட்டு நகரலாம்.

## 9. பயிற்சி செய்யும் முறை

ஒரு ஆங்கில நாளிதழின் கட்டுரைப் பக்கத்தில் ஐந்து வாக்கியம் உள்ள ஒரு பத்தியை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனிச் சீட்டில் எழுதுங்கள். மறுநாள் கலைத்துப்போட்டு அடுக்குங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: நாளிதழில் ஒரு பத்தி முந்தைய பத்தியின் தொடர்ச்சியாக இருக்கும். அதன் முதல் வாக்கியத்திலேயே "ஹவ்எவர்" வரலாம். அதனால் கட்டுரையின் முதல் பத்தியையே எடுங்கள். நடுப்பத்திகளை வைத்துப் பழகினால் மேலே சொன்ன சல்லடைகள் எல்லாம் பொய் என்று தோன்றிவிடும்.

தவறான ஒவ்வொரு விடைக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள். எந்த வாக்கியத்தை முதலில் வைத்தேன், அதில் எந்தச் சொல்லைக் கவனிக்கவில்லை என்று மட்டும். "ஆ வைத்தேன், 'அது' பார்க்கவில்லை" போதும். இருபது வரிகள் சேர்ந்ததும் எண்ணிப் பாருங்கள். ப்ரோனவுனில் தவறு அதிகம் என்றால் நீங்கள் வேகமாகப் படிக்கிறீர்கள். கனெக்டரில் அதிகம் என்றால் "ஆல்தோ" வகையும் "ஹவ்எவர்" வகையும் இன்னும் பிரியவில்லை, நான்காவது பகுதிக்குத் திரும்பிப் போங்கள். காலத்தில் அதிகம் என்றால் ஆண்டைக் கண்டதும் அதன் பின்னால் ஓடுகிறீர்கள். அப்படிப்பட்டவர்கள் ஒரு வாரத்துக்கு, ஆண்டு எண்ணைக் கையால் மறைத்துவிட்டு ப்ரோனவுன் சல்லடையை மட்டும் போட்டுப் பழகட்டும்.